ஆறு நாள் கப்பல், மூன்று வாக்கியம்

2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ என்ற 400 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகத் தரைதட்டி நின்றது. ஆறு நாள் கழித்து, மார்ச் 29 அன்று, அதை மிதக்க வைத்தார்கள். அந்த நாளின் அரபுச் செய்திகளை ஒட்டி ஆறு பத்தியில் ஒரு மாதிரிச் செய்தி எழுதி, அதை 50 அரபுச் சொற்களுக்குள் சுருக்கித் தரும்படி மாணவர்களிடம் கொடுப்பது என் வழக்கம். சுருக்கத்துக்கு அரபியில் ‘தல்கீஸ்’ என்று பெயர்.

பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பத்திக்கு ஒரு வாக்கியம் எடுத்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஆறு வாக்கியம் வரும்; எது முக்கியம் என்பது மட்டும் அதில் தெரியாது. கப்பலின் நீளமும் கால்வாய் திறந்ததும் பக்கத்துப் பக்கத்தில் சம மரியாதையோடு உட்கார்ந்திருக்கும்.

எதை விடலாம் என்பதை அரபுச் செய்தியே சொல்லிக் கொடுக்கும். அதன் இணைப்புச் சொற்களைத்தான் கவனிக்க வேண்டும். மாதிரிச் செய்தியின் முதல் பத்தி ‘அஃலனத்’ என்று தொடங்குகிறது. ‘அறிவித்தது’ என்று பொருள். அரபியில் வினை முன்னால் வருவது இயல்பு. யார் அறிவித்தது, எதை, என்று அதன் பின்னாலேயே வந்துவிடும்: சூயஸ் கால்வாய் ஆணையம், கப்பல் மிதந்ததை, போக்குவரத்து மீண்டும் தொடங்கியதை. செய்தியின் உயிர் இந்த வாக்கியத்தில் இருக்கிறது.

இரண்டாம் பத்தி, மண்ணைத் தோண்டியும் இழுவைப் படகுகளால் இழுத்தும், பௌர்ணமியை ஒட்டிய உயர் அலையைப் பயன்படுத்தியும் கப்பலை மீட்ட விதத்தைச் சொல்கிறது. படிக்கச் சுவையானது. ஆனால் 50 சொல்லில் இதற்கு இடமில்லை. முதல் வாக்கியத்தில் ‘மிதக்க வைத்தது’ என்ற ஒரு சொல்லே இதைச் சுமந்துகொள்கிறது.

மூன்றாம் பத்தி ‘வ கானத்… கத்’ என்ற அமைப்பில் வருகிறது. தமிழில் ‘தரைதட்டியிருந்தது’ என்கிறோமே, அந்த இறந்தகாலத்துக்கும் முந்தைய காலம் அது. அரபுச் செய்தியில் இதைக் கண்டால், எழுதியவர் பின்கதைக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். எப்போது நடந்தது, ஏன் நடந்தது என்பது இங்கே கிடைக்கும். நான்காம் பத்தியில் ‘மின் ஜிஹதிஹி’ வருகிறது; ‘தம் தரப்பில் அவர்’ என்று பொருள். பேசுகிறவர் மாறுகிறார் என்பதற்கான மணி இது. இங்கே பேசுகிறவர் ஆணையத்தின் தலைவர் உசாமா ரபீ.

ஐந்தாம் பத்தி, கால்வாயின் இரு முனையிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்ததைச் சொல்கிறது. ஆறாம் பத்தி ‘யுத்கரு அன்ன’ என்று தொடங்குகிறது. ‘குறிப்பிடத்தக்கது என்னவென்றால்’ என்று நம் செய்தித்தாள்கள் முடிக்குமே, அதன் அரபுச் சகோதரர். பெயர்தான் குறிப்பிடத்தக்கது, சுருக்கத்தில் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான். கப்பலின் நீளம், அதில் 25 இந்திய மாலுமிகள் இருந்தது, கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது எல்லாம் இந்தப் பத்தியில் இருக்கின்றன. நமக்கு இந்திய மாலுமிகள் முக்கியம்தான். ஆனால் இந்தச் செய்தி எழுதப்பட்டது கால்வாய் திறந்ததற்காக. அதன் சுருக்கமும் அதைப் பற்றியே இருக்க வேண்டும். இதுபோல ‘வ ஃபீ ஸியாகின் முத்தஸில்’, அதாவது ‘இது தொடர்பாக’ என்று ஒரு பத்தி தொடங்கினால், பெரும்பாலும் அங்கே வேறொரு சின்னச் செய்தி ஒட்டப்பட்டிருக்கும். அதையும் தயங்காமல் விடலாம்.

தேர்ந்தெடுத்ததை இனிக் கோக்க வேண்டும். அரபியில் எல்லாவற்றையும் ‘வ’ என்ற ஒரே எழுத்தால் கோத்துவிட முடியும். நம் ‘உம்’ மாதிரி. கப்பல் நின்றது, வ காற்று அடித்தது, வ மற்றக் கப்பல்கள் காத்திருந்தன. நீண்ட செய்தியில் இது உறுத்தாது. சுற்றியுள்ள விவரங்கள் உறவைக் காட்டிவிடும். சுருக்கத்தில் அந்த விவரங்கள் போய்விட்டதால், எது காரணம், எது விளைவு, எது முரண் என்பதை இணைப்புச் சொல்தான் சொல்ல வேண்டும். அதனால் விளைவுக்கு ‘அத்தா இலா’ (இதற்கு இட்டுச் சென்றது), முரணுக்கு ‘பைனமா’ (இப்படியிருக்க) அல்லது ‘கைர அன்ன’ (ஆனால்) என்று உறவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சொற்களை எடுக்க வேண்டும். ‘வ’ எழுதக் கூடாது என்பதல்ல. அரபு வாக்கியம் அதில் தொடங்குவதே அழகு. அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

நான் ஏற்றுக்கொள்ளும் சுருக்கம் அரபியில் 49 சொல். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“‘எவர் கிவன்’ கப்பலை மிதக்க வைத்து, ஆறு நாள் மூடியிருந்த கால்வாயில் போக்குவரத்தை மீண்டும் தொடங்கியதாகச் சூயஸ் கால்வாய் ஆணையம் 2021 மார்ச் 29 அன்று அறிவித்தது. கப்பல் தரைதட்டியது முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் தடைபட இட்டுச் சென்றது. விபத்துக்குப் பலத்த காற்றே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டிருக்க, தொழில்நுட்பக் கோளாறோ மனிதத் தவறோ இருந்திருக்கலாம் என்பதை ஆணையத் தலைவர் மறுக்கவில்லை.”

மூன்றாம் வாக்கியத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘காற்றால் கப்பல் தரைதட்டியது’ என்று எழுதி மதிப்பெண் இழப்பார்கள். செய்தி அப்படிச் சொல்லவில்லை; அப்படிச் சொல்லப்பட்டது என்று சொல்கிறது. ரபீயே சில நாளில், வானிலை மட்டும் காரணமல்ல என்றார். ‘சொல்லப்பட்டது’ என்பதைச் சிக்கனத்துக்காக நறுக்கினால் ஒருவரின் கூற்று உண்மையாக மாறிவிடும். கூற்று வினைகளை மாற்றிப் போடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. ‘கால’ என்றால் சொன்னார், ‘அக்கத’ என்றால் உறுதிபடச் சொன்னார், ‘ஸஅம’ என்றால் சொல்லிக்கொண்டார், எழுதியவருக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ‘கால’ இருந்த இடத்தில் ‘ஸஅம’ போட்ட மாணவர், தெரியாமலேயே ஆணையத் தலைவரைப் பொய்யராக்கிவிட்டார்.

கடைசியாக நடை. செய்தியின் அரபி ‘ஃபுஸ்ஹா’ என்ற எழுத்து வழக்கு. எகிப்தியப் படங்கள் பார்த்து அரபி பழகியவர்கள் சுருக்கத்தில் ‘அஷான்’ (ஏன்னா), ‘லிஸ்ஸா’ (இன்னும்) என்று பேச்சு வழக்கை நுழைத்துவிடுவார்கள். ‘கப்பல் இன்னும் மாட்டிக்கிட்டுக் கெடக்கு’ என்று தலையங்கத்தில் எழுதினால் எப்படியோ அப்படி. நம் ஊர் மதரஸாவில் ஓதி வந்தவர்களிடம் சிக்கல் நேரெதிர். அவர்கள் கப்பலுக்கு ‘ஃபுல்க்’ என்று எழுதுவார்கள். குர்ஆனில் வரும் சொல், பிழை கிடையாது. ஆனால் இன்றைய செய்தித்தாளில் ‘ஸஃபீனா’தான். ‘சூயஸில் நாவாய் சிக்கியது’ என்று தமிழ் நாளிதழ் எழுதாதது போலத்தான் இதுவும்.

எழுதி முடித்ததும் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைக்கிறேன். மூலச் செய்தியைப் படிக்காத பக்கத்து பெஞ்சுக்காரரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, “கப்பல் ஏன் தரைதட்டியது?” என்று கேட்கச் சொல்வேன். “காற்று” என்று பதில் வந்தால் சுருக்கத்தைத் திருத்த வேண்டும். “அது இன்னும் முடிவாகவில்லை போல” என்று வந்தால் சரி.