பாட்டிலில் வளரும் வெந்தயக் கீரை!

எங்கள் வீட்டு வாண்டுகளுக்கு லீவு விட்டால், காலியான கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கீரைத் தொட்டி செய்வதுதான் வேலை. தினமும் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி வாடாது.

ஒரு லிட்டர் பாட்டிலை நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள். மூடியில், காய்ச்சிய ஆணியால் துளை போட்டு, பழைய வேட்டித் துணியைத் திரியாக நுழையுங்கள். இந்த இரண்டையும் நாம்தான் செய்யணும். வெட்டிய விளிம்பு கையைக் கிழித்துவிடும். இன்சுலேஷன் டேப்பை மடித்து ஒட்டிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆசிட், பூச்சி மருந்து பாட்டில்கள் கழுவினாலும் வேண்டவே வேண்டாம்.

இனி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேல் பாதியை மூடியோடு கவிழ்த்து, கீழ்ப் பாதியில் செருகணும். திரியின் ஒரு முனை தண்ணீரிலும், மறுமுனை மண்ணின் நடுவிலும் இருக்கட்டும். மண்ணும் மக்கிய எருவும் சம அளவு கலந்து நிரப்பி, இரவே ஊறவைத்த அரை டீஸ்பூன் வெந்தயத்தைத் தூவி, லேசாக மண் மூடணும்.

முதல் நாள் மட்டும் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றி திரியை நனைக்கணும். காய்ந்த திரி தண்ணீரைச் சீக்கிரம் இழுக்காது. கீழே தண்ணீர் மூடியைத் தொடாமல் நிற்கட்டும். தொட்டால் மண் சொதசொதவென்றாகி வேர் அழுகிவிடும். தண்ணீர் இருந்தும் மேல்மண் காய்ந்தால், திரி நழுவிவிட்டது என்று அர்த்தம்.

தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். அதனால் வாரம் இருமுறை கீழ்ப் பாதியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று நாலு வாரத்தில் பருப்புக்குப் போடக் கீரை ரெடி!

- ஒரு வாசகி, கும்பகோணம்.