கருவாட்டின் புரதமும் அதன் உப்பும்

நூறு கிராம் பச்சை மீன் சதையில் 18 முதல் 21 கிராம் வரை புரதம் இருக்கிறது. பாறை, வஞ்சிரம், மத்தி, நெத்திலி என்று மீனுக்கு மீன் ஒன்றிரண்டு கிராம் கூடும், குறையும். பெரிய வித்தியாசம் கிடையாது. அதே நூறு கிராம் உப்புக் கருவாட்டிலோ 40 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். உப்பு அதிகம் போடாமல் மொறுமொறுவென்று காய்ந்த நெத்திலியில் அது 60 கிராமைக்கூட எட்டும். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்கள், மீனைவிடக் கருவாடு இரண்டு மூன்று மடங்கு சத்துள்ளது என்று எண்ணிவிடுகிறார்கள். காய்வதால் மீனில் புதிதாகப் புரதம் எதுவும் உண்டாவதில்லை. தண்ணீர் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

பாறை மீனை எடுத்துக்கொள்ளலாம். அதன் சதையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 77 கிராம் தண்ணீர், 19 கிராம் புரதம். மீதி 4 கிராம் கொழுப்பும் தாது உப்புகளும். மீனைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, உப்பைத் தடவித் தொட்டியில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். உப்பு சதைக்குள் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசிந்து தொட்டியில் தேங்கும். இரண்டு மூன்று நாள் கழித்து மீனை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த நூறு கிராம் சதையில் 14 கிராம் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கிறது, 8 கிராம் உப்பு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புரதம் அதே 19 கிராம். எல்லாவற்றையும் கூட்டினால் 45 கிராம் கருவாடு கிடைக்கிறது.

இதை நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் புரதம் 42 கிராம் வரும். உப்பு 18 கிராம் வரும். இந்த நூறு கிராம் கருவாட்டுக்கு 220 கிராம் மீன் சதை தேவைப்பட்டிருக்கிறது. உண்மையில் தொட்டித் தண்ணீரோடு கொஞ்சம் புரதமும் கரைந்து போகும் என்பதால், கருவாட்டில் கிடைப்பது இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கடைக்குக் கடை அளவு மாறுவதற்கும் காரணம் இதுதான்: அரைகுறையாகக் காய்ந்த ஈரக் கருவாட்டில் தண்ணீர் கூடுதல், புரதம் குறைவு. உப்பு கனமாகப் படிந்த கருவாட்டில் எடையின் ஒரு பங்கு உப்பாகவே போய்விடுகிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற கருவாடும், தட்டினால் வெள்ளையாக உப்பு உதிர்கிற கருவாடும் கொடுத்த காசுக்குப் புரதம் குறைவாகத் தருபவை. இளஞ்சிவப்புத் திட்டுகளோடு பிசுபிசுப்பாக இருந்தால், உப்பைத் தாங்கி வளரும் நுண்ணுயிர்கள் அதில் பெருகிவிட்டன என்று பொருள். அதை வாங்கவே கூடாது.

சமைத்த பிறகு இந்த எண்கள் மறுபடியும் மாறுகின்றன. பச்சை மீனை வேகவைத்தால் அதிலிருந்து தண்ணீர் வெளியேறி எடை சுருங்கும். நூறு கிராம் சதை எண்பது கிராம் அளவுக்கு வரும். அதனால் வெந்த மீனில் நூறு கிராமுக்கு 23, 24 கிராம் புரதம் இருக்கும். கருவாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஊறும்போது அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கனக்கும், நூறு கிராமுக்கான புரத அளவு இறங்கும். கடைத் தராசில் தெரிந்த இடைவெளி தட்டுக்கு வரும்போது பெருமளவு குறைந்துவிடுகிறது.

அப்படியானால் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பரிந்துரைப்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். பச்சை மீனில் ஒருவருக்கு நூறு கிராம் சதை போதும்; அதிலேயே ஐந்தில் இரண்டு பங்கு புரதம் வந்துவிடும். இங்கே கணக்கு சதைக்குத்தான். தலை, குடல், செதில், நடுமுள் எல்லாம் போனால் முழு மீனின் எடையில் பாதியோ அதற்குச் சற்றுக் கூடவோதான் சதை தேறும். ஆகவே முழு மீனாக வாங்கும்போது ஆளுக்கு 200 கிராம் என்று கணக்கு வைத்தால் சரியாக இருக்கும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ.

கருவாட்டில் புரதத்தை வைத்து அளவு சொல்ல முடியாது, உப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவர் சேர்த்துக்கொள்ளும் மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன பாறைக் கருவாட்டை நூறு கிராம் மீனுக்குப் பதிலாக, அதே 19 கிராம் புரதத்துக்காகச் சாப்பிட நினைத்தால் 45 கிராம் வேண்டும். அதிலேயே 8 கிராம் உப்பு வந்துவிடுகிறது. சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம் எதையும் சேர்க்காமலே நாளின் வரம்பு தாண்டிவிடும். 20 கிராம் கருவாடு என்றால் புரதம் 8 கிராம், உப்பு மூன்றரை கிராம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஏற்ற அளவு இதுதான். அதுவும் ஊறவைத்துக் கழுவிய பிறகு.

ஊறவைப்பதில் கவனம் தேவை. சதையில் உள்ள உப்பு, சுற்றியுள்ள தண்ணீரோடு சமநிலைக்கு வரும் வரைதான் வெளியே வரும். சின்னக் கிண்ணத்தில் கருவாடு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் அது சீக்கிரமே உப்புத் தண்ணீராகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை நேரம் வைத்தாலும் பயன் கொஞ்சம்தான். அகலமான பாத்திரத்தில் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் கழித்து அதைக் கொட்டிவிட்டு, மறுபடியும் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தடித்த துண்டுகளைச் சிறிதாக நறுக்கிப் போட்டால் நடுவில் உள்ள உப்பும் இறங்கும். ஊறிய துண்டிலிருந்து சிறிது கிள்ளி, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து வாயில் வைத்துப் பார்த்தால், வறுத்த மீனின் அளவுக்கு உப்பு இருக்கிறதா, இன்னும் கரிக்கிறதா என்று தெரிந்துவிடும். கரித்தால் இன்னொரு தண்ணீர் மாற்ற வேண்டும். ஊறவைக்காமல் நேரே குழம்பில் போட்டால் அந்த உப்பு எங்கும் போவதில்லை, குழம்பில் இறங்கிச் சோற்றோடு வயிற்றுக்குத்தான் வருகிறது. ஊறவைத்த கருவாட்டுக் குழம்பிலும், கத்தரிக்காயும் மொச்சையும் வெந்து கருவாடு சேர்ந்த பிறகு ருசி பார்த்துவிட்டே உப்புப் போட வேண்டும்.

உப்பு குறைவாகவோ இல்லாமலோ காய்ந்த நெத்திலிக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. அதில் 20 கிராமுக்கு 12 கிராம் புரதம் கிடைக்கும். முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேரும். ஆனால் நெத்திலி என்றாலே உப்பில்லாதது என்று நம்பிவிடக் கூடாது, வாங்கும் இடத்திலேயே ஒன்றை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. பாக்கெட்டில் வருவதாக இருந்தால் சோடியம் என்று போட்டிருக்கும் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்.

கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் புரதம் குறைகிறதே என்று துண்டுகளைக் கூட்டிப் போட வேண்டியதில்லை. கூடவே ஒரு முட்டையோ, ஒரு கரண்டி பருப்போ சேர்த்துக்கொண்டால் ஐந்தாறு கிராம் புரதம் உப்பில்லாமல் கிடைத்துவிடும். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த 20 கிராமும் அதிகம்தான். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்புக் கருவாட்டைத் தொடக் கூடாது, பச்சை மீனையே சாப்பிட வேண்டும்.