மீண்டு வந்த மதிப்பெண் கோப்பு: தலைவருக்கு எழுதும் மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும்?

கல்லூரி ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை எக்செல் கோப்பில் ஏற்றும் வேலை பெரும்பாலும் ஆய்வக உதவியாளரிடம்தான் வருகிறது. அந்தக் கோப்பு ஒருநாள் திறக்காமல் போய், எப்படியோ மீட்டெடுக்கப்பட்டால், துறைத்தலைவருக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டியவரும் அவரே. இதை ஒட்டி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இவை. கணக்கு தெளிவாக விளங்க ஒரே ஒரு மாதிரி வகுப்பை எடுத்துக்கொள்வோம். 46 மாணவர்கள், அப்சர்வேஷனுக்கு 10, ரெக்கார்டுக்கு 10, மாதிரிச் செய்முறைத் தேர்வுக்கு 20 என மொத்தம் 40 மதிப்பெண்.

பென்டிரைவில் இருந்தே கோப்பைத் திறந்து வேலை செய்தோம். சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. மறுபடி திறந்தால் கோப்பின் வடிவம் செல்லாது என்கிறது. மதிப்பெண்கள் எல்லாம் அழிந்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. .xlsx கோப்பு என்பது பல சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு zip மூட்டை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மூட்டையின் கடைசியில் எழுதப்படும். எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போனால் அந்தப் பட்டியல் இல்லாமல் போகும். உள்ளே மதிப்பெண்கள் இருந்தாலும் எக்செல் மூட்டையைப் பிரிக்க முடியாமல் நின்றுவிடும். பென்டிரைவ்கள் வழக்கமாக FAT32 அல்லது exFAT முறையில் இருப்பவை. கணினியின் உள் வட்டில் உள்ள NTFS போல, பாதியில் நின்ற மாற்றங்களைக் குறித்து வைத்துச் சரிசெய்யும் வசதி அவற்றில் இல்லை. அதனால்தான் இந்த விபத்து பென்டிரைவில் அதிகம் நடக்கிறது.

முதல் வேலை, அந்தப் பென்டிரைவில் வேறு எதையும் எழுதாமல் நிறுத்துவது. பழுதான கோப்பை அப்படியே கணினிக்கு நகலெடுத்து, நகலின் மீது மட்டும் முயற்சி செய்யுங்கள்.

எங்கே தேட வேண்டும்?

கணினி மறுபடி இயங்கி எக்செலைத் திறந்ததும் Document Recovery என்ற பலகை இடப்பக்கம் வரலாம். கோப்பின் பெயரோடு, அது எத்தனை மணிக்கு எடுத்த நகல் என்பதும் அதில் இருக்கும். அந்த மணியை உடனே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்கு அது வேண்டும். பிறகு அந்த நகலைத் திறந்து, புதிய பெயரில் உள் வட்டில் சேமியுங்கள். சேமிக்காமல் பலகையை மூடினால், இந்தக் கோப்புகளைப் பிறகு பார்க்க வைத்திருக்கட்டுமா, நீக்கிவிடட்டுமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் நீக்கச் சொல்லிவிட்டு நகலை இழந்தவர்கள் உண்டு.

பலகை வரவில்லை என்றால், பழுதான கோப்பின் நகலை Open பெட்டியில் தேர்ந்தெடுத்து, Open பொத்தானை ஒட்டிய சிறு அம்புக்குறியில் Open and Repair கொடுங்கள். அதில் முதலில் Repair. அது பலிக்காவிட்டால் மட்டும் Extract Data.

கோப்பு திறந்துவிட்டது. மீட்டாயிற்று என்று தலைவருக்கு எழுதிவிடலாமா?

கூடாது. கோப்பு திறந்தது என்பது ஒரு செய்தி, மதிப்பெண்கள் சரியாக இருக்கின்றன என்பது வேறு செய்தி. தலைவருக்கு வேண்டியது இரண்டாவது.

நம் மாதிரி வகுப்பில் மின்சாரம் போனது மாலை 3.52. மீண்டு வந்த நகல் 3.45 மணிக்கு உரியது. நீங்கள் மாற்றாதவரை எக்செல் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாக மீட்பு நகல் எடுக்கும். ஆகவே 3.45-க்குப் பிறகு ஏற்றியது எதுவும் அந்த நகலில் இருக்காது. கோப்பு அழகாகத் திறக்கும், பிழைச் செய்தி வராது, ஆனால் சில வரிசைகள் காலியாக இருக்கும்.

மாதிரித் தேர்வு மதிப்பெண் E நெடுவரிசையில், 2-ஆம் வரி முதல் 47-ஆம் வரி வரை இருப்பதாகக் கொள்வோம். காலியான ஓரிடத்தில் இவற்றைப் போட்டுப் பாருங்கள்.

```
=COUNT(E2:E47)
=COUNTA(E2:E47)
=SUM(E2:E47)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது, வராதவர்களுக்குப் போடும் AB உட்பட நிரம்பிய கட்டங்கள் அனைத்தையும் எண்ணும். நம் நகலில் 36, 37, 561 என்று வருகிறது. ஆசிரியர் கையொப்பமிட்ட தாளிலோ 45 பேருக்கு மதிப்பெண், ஒருவர் வரவில்லை, கூட்டல் 702. அப்படியென்றால் விடுபட்டவர்கள் 9 பேர், அவர்களின் மதிப்பெண் கூட்டல் 141. அந்த ஒன்பதையும் தாளைப் பார்த்து ஏற்றிய பின் 45, 46, 702 என்று மூன்றும் ஒத்துவர வேண்டும். COUNT மட்டும் குறைந்து COUNTA சரியாக இருந்தால், ஏதோ ஒரு மதிப்பெண் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். SUM அதைக் கூட்டாமல் தாண்டிப் போகும்.

கூட்டல் ஒத்துவந்த பிறகும் தவறு இருக்க முடியுமா?

முடியும். இதுதான் பலரும் கவனிக்காத இடம். அடுத்தடுத்த இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு 14, மற்றவருக்கு 17. இரண்டும் இடம் மாறி ஏறியிருந்தாலும் கூட்டல் அதே 702தான். பெயர் நெடுவரிசையை விட்டுவிட்டு மதிப்பெண் நெடுவரிசையை மட்டும் யாராவது வரிசைப்படுத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வகுப்பில் பெரும்பாலோருக்கு அடுத்தவர் மதிப்பெண், ஆனால் கூட்டலில் ஒரு மாற்றமும் தெரியாது.

இதற்கு மாற்று வழி கிடையாது. ஒருவர் தாளில் இருந்து பதிவெண்ணையும் மதிப்பெண்ணையும் உரக்க வாசிக்க, இன்னொருவர் திரையில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். 46 பேருக்கு மூன்று நெடுவரிசை என்பது 138 கட்டங்கள். ஒரே அமர்வில் முடிகிற வேலை. வாசிப்பவர் மதிப்பெண் போட்ட ஆசிரியராக இருந்தால் நல்லது, ஏனென்றால் தாளில் அடித்துத் திருத்திய எண்ணை அவரால்தான் உறுதியாகப் படிக்க முடியும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. Extract Data வழியில் Convert to Values கொடுத்திருந்தால், மொத்த நெடுவரிசையில் இருந்த சூத்திரங்கள் போய் வெறும் எண்கள் மட்டும் நிற்கும். அன்றைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த வாரம் ஒரு மாணவியின் ரெக்கார்டு மதிப்பெண்ணை 7-இல் இருந்து 9 ஆகத் திருத்தினால், மொத்தம் பழைய எண்ணிலேயே நிற்கும். மொத்தக் கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். `=SUM(C2:E2)` என்று இருந்தால் சரி. 33 என்று வெறும் எண் இருந்தால் சூத்திரத்தை மறுபடி எழுதி, கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள்.

மின்னஞ்சலை எப்படி எழுதுவது? நீளமாக விளக்கினால் சமாளிப்பது போல ஆகிவிடாதா?

நீளம் ஒரு குற்றமில்லை, ஆனால் தலைவர் முதல் மூன்று வரியில் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன நடந்தது, எது போயிற்று, இப்போது மதிப்பெண்களை நம்பலாமா என்பதற்குப் பிறகுதான் காரணமும் மற்றதும். நம் மாதிரி வகுப்புக்கு இப்படி எழுதலாம்:

> பொருள்: இயற்பியல் செய்முறை அகமதிப்பீட்டுக் கோப்பு மீட்பு – சரிபார்ப்பு விவரம்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். இன்று மாலை 3.52 மணிக்கு மின்சாரம் தடைப்பட்டதில் மதிப்பெண் கோப்பு பழுதாகி, 3.45 மணி நகல் கிடைத்தது. அதில் 9 மாணவர்களின் மாதிரித் தேர்வு மதிப்பெண்கள் இல்லை. அவற்றை ஆசிரியர் கையொப்பமிட்ட தாளில் இருந்து மறுபடி ஏற்றியுள்ளேன்.
>
> 46 பேரின் மூன்று நெடுவரிசைகளையும் பொறுப்பாசிரியர் வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். மாதிரித் தேர்வில் 45 பேர், வராதவர் 1, கூட்டல் 702, தாளோடு ஒத்துள்ளது. மொத்த நெடுவரிசையில் சூத்திரங்கள் உள்ளன. 9 பேரின் பதிவெண்களும், நாங்கள் இருவரும் கையொப்பமிட்ட அச்சுப் பிரதியும் இணைப்பில் உள்ளன.
>
> கோப்பைப் பென்டிரைவில் வைத்தே நான் வேலை செய்ததும், ஆய்வகக் கணினிக்கு யு.பி.எஸ். இணைப்பு இல்லாததும் காரணங்கள். இனி மூலக் கோப்பு கணினியின் உள் வட்டில் மட்டும் இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் தேதியிட்ட நகல் ஒன்றைத் துறை அலுவலகக் கணினியில் வைப்பேன். யு.பி.எஸ். இணைப்புக்குத் தங்கள் அனுமதி வேண்டுகிறேன். பழுதான கோப்பை அழிக்காமல் வைத்துள்ளேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> ஆய்வக உதவியாளர்

நடந்ததற்கான காரணத்தில் தன் பங்கையும் கல்லூரியின் பங்கையும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். மின்சாரத்தின் மீது மட்டும் பழி போட்டால் யு.பி.எஸ். கேட்பதற்கே வலு இருக்காது.

மறுபடி நடக்காமல் இருக்க, தானியங்கி மீட்பு நேரத்தை 2 நிமிடமாகக் குறைத்தால் போதுமா?

குறையுங்கள், File, Options, Save என்று போனால் அந்த எண்ணை மாற்றலாம். ஆனால் அது காப்பு நகல் ஆகாது. கோப்பைச் சேமித்து ஒழுங்காக மூடியதும் எக்செல் அந்த மீட்பு நகலை நீக்கிவிடும். நேற்று தவறாக வரிசைப்படுத்திச் சேமித்ததை இன்று திருப்ப அது உதவாது. அதற்குத் தேதியிட்ட நகல்தான் வேண்டும், அதுவும் வேறொரு கணினியில். Always create backup என்ற வசதி முந்தைய சேமிப்பை .xlk கோப்பாக வைத்திருக்கும். நல்லதுதான், ஆனால் அதே கோப்புறையில் இருப்பதால் வட்டு போனால் அதுவும் போகும்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய நகலைத் திறந்து, அந்தத் தேதி வரையிலான கூட்டல் தாளோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கோப்பைச் சரிசெய்து தருகிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மாணவர்களின் பெயரும் பதிவெண்ணும் மதிப்பெண்ணும் முன்பின் தெரியாத இடத்துக்குப் போகும். போனால் திரும்பப் பெற முடியாது. கையொப்பமிட்ட தாள் கையில் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. எல்லா முயற்சியும் தோற்றாலும் 138 எண்களைத் தாளைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். ஆகவே துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிவுகள் வெளியாகி, மறுமதிப்பீட்டுக்கான காலமும் முடியும் வரை அந்தத் தாள்களைப் பூட்டி வையுங்கள், உதவியாளரின் மின்னஞ்சலுக்கு, பார்த்தேன் என்றாவது எழுத்தில் பதில் அனுப்புங்கள்.