அச்சில் கறுப்பு ஏன் வெளிறுகிறது?

ஒரு புத்தக அட்டையை எடுத்துக்கொள்வோம். கீழ்ப்பாதியில் இரவு வானத்தின் புகைப்படம். மேல்பாதி முழுக்கக் கறுப்பு. கணினித் திரையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்தன. அச்சாகி வந்தபோது நடுவே தெளிவாக ஒரு கோடு. வானம் ஆழ்ந்த கறுப்பு. அதன் மேலே பழுப்பேறிய சாம்பல்.

காரணம், இரண்டும் வேறு வேறு கறுப்புகள். மேல்பாதிக்குக் கொடுத்தது கறுப்பு மை மட்டும், 100 சதவீதம். புகைப்படத்தின் இருளோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உண்டானது.

ஆஃப்செட் அச்சில் ஒரு மையின் படலம் ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமன்தான். வெளிச்சத்தில் ஒரு பங்கு அதைத் துளைத்துக்கொண்டு போய், வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிறது. கறுப்பு மைக்கு நிறம் தருவது கார்பன் பிளாக். மெல்லிய படலத்தில் அது பழுப்புச் சாயல் காட்டக்கூடியது. மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால், காய்ந்தபின் கறுப்பு இன்னும் வெளிறும்.

இதற்கு மருந்துதான் ரிச் பிளாக்: கறுப்போடு மற்ற மைகளையும் சேர்ப்பது. சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது பரவலாகப் புழங்கும் கலவை. சயான் மட்டும் ஏன் அதிகம்? சயான் மை திருப்பியனுப்ப வேண்டிய பச்சை, நீல ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் மூன்றையும் சம அளவில் சேர்த்தால் பழுப்புதான் வரும்.

அதற்காக நான்கையும் நூறு நூறாக வைக்கக் கூடாது. மொத்தம் 400 சதவீத மை சரியாகக் காயாது. அடுக்கிய தாள்களில் மேல்தாளின் பின்புறம் ஒட்டும். ஆர்ட் பேப்பர் 300 வரை பொதுவாகத் தாங்கும். செய்தித்தாளுக்கு 240ஏ உச்சம்.

சிறிய எழுத்துகளுக்கு ரிச் பிளாக் ஆகாது. நான்கு பிளேட்டுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். லூப்பில் பார்த்தால் உடனே தெரியும். அங்கே கறுப்பு மை மட்டுமே போதும். எழுத்து மெலிதாக இருப்பதால் வெளிறலும் கண்ணில் படாது.

நம் அட்டைக்கு வருவோம். அங்கே 60, 40, 40, 100 போட்டாலும் கோடு மறையாமல் போகலாம். இன்டிசைனின் Separations Preview பலகையில் வானத்தின் மேல்விளிம்பு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அது 75, 68, 67, 90 என்றால், மேல்பாதிக்கும் அதையே கொடுக்க வேண்டும். மொத்தம் 300, அந்த அட்டைத்தாள் இதைத் தாங்குமா என்று அச்சகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். திரை ஏமாற்றாமலிருக்க, Appearance of Black அமைப்பில் Display All Blacks Accurately என்பதைத் தேர்ந்தால், அந்தக் கோடு பிளேட் எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.