முதுகில் ஏறும் 16 லிட்டர்

கடையில் காலியாகத் தூக்கிப் பார்த்து ஸ்பிரேயர் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: 16 லிட்டர் டேங்க் நிரம்பினால், தண்ணீர் மட்டுமே 16 கிலோ. மாடித் தோட்டத்துக்கு 2 லிட்டர் கைப்பம்பே போதும். பத்திருபது தென்னங்கன்று, காய்கறிப் பாத்தி என்றால்தான் முதுகு ஸ்பிரேயர் தேவை. அதிலும் பாதி நிரப்பி இரண்டு நடை நடப்பது இடுப்புக்கு நல்லது.

இடது கை நெம்புகோலை நிதானமாக, ஒரே சீராக அடிக்க வேண்டும். விட்டு விட்டு அடித்தால் அழுத்தம் குறையும். புகைபோல வர வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாக விழும். பூச்சி மருந்துக்குக் கூம்பாகத் தெளிக்கும் நாசில் ஏற்றது. அதன் நுண்துளி இலையின் அடிப்பக்கம்வரை படியும். களைக்கொல்லிக்குப் பட்டையாக விழும் விசிறி நாசில். களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயரே வைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் தங்கிய மிச்சம் அடுத்த முறை தக்காளிச் செடியைச் சுருட்டிவிடும்.

வேலை முடிந்ததும் முதலில் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, கையுறையைக் கழற்றாமலே மூடியைத் திறக்க வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதைக் குழாய், நாசில் வழியாகவே தெளித்து வெளியேற்றுங்கள். இப்படி மூன்று முறை. கழுவிய நீர் மருந்தடித்த பாத்திக்கே போகட்டும். கிணற்றடியும் வாய்க்காலும் வேண்டாம். நாசில் அடைத்தால் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வாயால் ஊதும் பழக்கம் பலருக்கு உண்டு. ஊதும்போது உதட்டில் படுவது விஷம்.