‘வியர் பண்ணுங்க’ ஏன் உறுத்துகிறது?

லாயாங் லாயாங்கில் ஒரு துணிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்கு நீங்கள் குரல் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் உள்ள தாளில் இப்படி இருக்கிறது: “இந்த ஷர்ட்டை வியர் பண்ணி உங்க ஸ்டைலை எக்ஸ்பிரஸ் பண்ணுங்க.”

வாய்விட்டுப் படித்ததுமே உறுத்தும். ஷர்ட்டும் ஸ்டைலும் நம் பேச்சில் ஊறியவை, அவை இருக்கட்டும். ஆனால், சட்டையை யாரும் ‘வியர்’ பண்ணுவதில்லை, போடுகிறோம். தமிழ் வினை தயாராக இருக்கும் இடத்தில் ஆங்கில வினையைத் திணித்ததுதான் கோளாறு. இப்படி மாற்றலாம்: “இந்த ஷர்ட்ட ஒரு தடவ போட்டுப் பாரு. உன் ஜீன்ஸுக்குச் செம மேட்ச்!” ‘மேட்ச்’சுக்குப் ‘பொருத்தம்’ என்று போட்டால், கல்யாண ஜாதகம் நினைவுக்கு வரும்!

ஒலிப்பதிவில் இன்னொரு வழுக்கல் உண்டு. ‘ஷர்ட்ட’ என்பதில் மட்டும் நாக்கை லண்டனுக்கு அனுப்பாதீர்கள். நண்பனிடம் பேசும் அதே உச்சரிப்பு போதும்.