ஒரே கடை, 12 பெயர்

‘ஸ்ரீ மகிழம் சில்க்ஸ்’ என்று ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் படிக்க ஒரு சிக்கலும் இல்லை. ஆங்கில எழுத்துக்குப் போகும்போதுதான் பெயர் பல்கிப் பெருகுகிறது. ஸ்ரீயை Sri, Shri, Sree என்று எழுதலாம். ககரத்துக்கு g அல்லது k, ழகரத்துக்கு zh அல்லது l. கூட்டிப் பார்த்தால் 12 வடிவங்கள். பலகை எழுதுபவர் Magizham என்பார், பில் புத்தகம் அடிப்பவர் Makilam என்பார், பையில் Magilam வந்து நிற்கும். பையைப் பார்த்து இணையத்தில் தேடும் வாடிக்கையாளருக்குக் கடை அகப்படாமலே போகலாம். காசோலையில் பெயர் மாறினால் வங்கியில் கேள்வி வரும்.

எதை வைத்துக்கொள்வது? ஜிஎஸ்டி சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள ஆங்கில வடிவத்தையே எங்கும் வைப்பதுதான் சரி. மற்றதெல்லாம் அடுத்த அச்சில் மாற்றிவிடலாம்; பதிவில் உள்ளதை மாற்றத்தான் அலைச்சல் அதிகம்.

தமிழ் வடிவத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வேற்றுமை உருபு சேரும் இடத்தில்தான் பெயர் அதிகம் சிதைகிறது. ஒரு விளம்பரத்தில் ‘சில்க்ஸில்’, இன்னொன்றில் ‘சில்க்சில்’, மூன்றாவதில் ‘சில்க்ஸ்-இல்’. ‘மகிழம் சில்க்ஸ் கடையில்’ என்று எழுதினால் உருபு கடையோடு போய்விடும், பெயர் அப்படியே நிற்கும். விளம்பர வாசகம் எழுதுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. கணினியில் ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகப் பதிவாகிறது. ஒன்று ‘ஸ்’ எழுத்தில் தொடங்குவது. மற்றொன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ எழுத்தில் தொடங்குவது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு வடிவத்தைத் தட்டித் தேடினால் மற்றது சிக்காமல் போகலாம். வாடிக்கையாளர் பட்டியலில் பாதிப் பெயர்கள் காணாமல் போனதுபோல் இருந்தால், ஒரு கோப்பிலிருந்து ‘ஸ்ரீ’யை நகலெடுத்து இன்னொன்றில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ‘தேடி மாற்று’ வசதியால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அச்சகத்தில் வேறு தொல்லை. பல டிடிபி கடைகளில் இன்றும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் மறுபடி தட்டும்போதுதான் ழ, ள ஆகிறது. பெயரை மட்டும் கர்வ் செய்த கோப்பாகக் கொடுத்தால் எழுத்து படமாகிவிடும், யாரும் தட்ட வேண்டியதில்லை. படத்தில் எழுத்தைத் தேட முடியாது என்பதால், தட்டிய வடிவத்தையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

தமிழ் வடிவம், ஆங்கில வடிவம், கர்வ் செய்த கோப்பு மூன்றையும் ஒரே இடத்தில் போட்டு, பலகைக்காரர் முதல் பை அடிப்பவர் வரை அதையே அனுப்புங்கள். அடுத்த பை ஆர்டருக்கு முன் இதை முடித்துவிடுங்கள்; அச்சாகி வந்த பையில் எழுத்தைத் திருத்த வழியில்லை.